விவரமில்லா வடிவமைப்புக் கோரிக்கை

விவரமில்லா வடிவமைப்புக் கோரிக்கை என்பது, சுவரொட்டி அல்லது சின்னம் (லோகோ) ஒன்றைச் செய்து தரக் கேட்பவர், அது "மாடர்னாக" இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி, மற்ற விவரங்களைச் சொல்லாமல் விடுவதாகும். விடுபடும் விவரங்கள் பெரும்பாலும் நான்கு: பிடித்த மாதிரிகள் எவை, என்ன நிறங்கள் வேண்டும், யார் பார்ப்பதற்கு, எங்கே பயன்படுத்துவதற்கு. இந்த நான்கும் இல்லாத கோரிக்கையை வைத்தும் ஒரு படத்தை வரைந்துவிடலாம். ஆனால் அது சரியா தவறா என்று சொல்வதற்கு அளவுகோல் எதுவும் இருக்காது. அதனால் கேட்டவர் "இது இல்லை" என்று மட்டுமே திரும்பத் திரும்பச் சொல்ல முடிகிறது. செய்பவர் ஊகித்து ஊகித்து மாற்றுகிறார்.

இந்த நான்கு விவரங்களையும் எழுதி வைக்கும் தாளை வடிவமைப்புத் துறையில் பிரீஃப் என்பர். இக்கட்டுரையில் அது பணிக்குறிப்பு எனப்படுகிறது.

## "மாடர்ன்" என்ற சொல்லின் சிக்கல்

"நவீனமான" தோற்றம் என்பது ஒரே தோற்றம் அன்று. ஒவ்வொரு பத்தாண்டிலும் அச்சொல் வேறொரு தோற்றத்தைக் குறித்திருக்கிறது. வடிவமைப்புக் கல்லூரியில் பயின்ற ஒருவருக்கு அது செருமனியில் 1919-இல் தொடங்கிய பௌஹௌஸ் பள்ளியையும், 1957-இல் சுவிட்சர்லாந்தில் உருவான ஹெல்வெட்டிகா எழுத்துருவையும் நினைவூட்டும்: அலங்காரம் இல்லாத எழுத்து, நிறைய வெற்றிடம், நேரான வரிசை. இந்தத் தோற்றத்தின் வேர்கள் நூறாண்டுப் பழமை உடையவை.

2000-களில் கணினியில் வேலை பழகிய ஒருவருக்கு "மாடர்ன்" என்றால் பளபளப்பு. எழுத்துக்குப் பின்னால் நிழல், ஓரங்களில் ஒளிவட்டம், ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மெல்ல மாறும் பூச்சு, புடைத்து நிற்கும் முப்பரிமாண எழுத்து ஆகியவை அக்காலத்து அடையாளங்கள். தமிழ்நாட்டில் ஃபிளக்ஸ் பேனர்கள் பரவிய காலமும் ஏறத்தாழ இதுவே என்பதால், பலருக்கு இன்றும் "நல்லா பண்ணியிருக்காங்க" என்ற எண்ணத்தைத் தருவது இந்தத் தோற்றம்தான்.

பிறகு போக்கு திரும்பியது. மைக்ரோசாஃப்ட் 2012-இல் தன் சின்னத்தைத் தட்டையான நான்கு சதுரங்களாக மாற்றியது. 2013-இல் ஆப்பிள் தன் கைப்பேசித் திரையிலிருந்து பளபளப்பை நீக்கியது. 2015-இல் கூகுள் தன் பெயரை எளிய எழுத்துக்கு மாற்றியது. இந்தத் தலைமுறைக்கு "மாடர்ன்" என்றால் தட்டையான நிறமும் எளிய கோடும். ஆகவே நாற்பத்தைந்து வயதுக் கடைக்காரரும் இருபத்திரண்டு வயது வடிவமைப்பாளரும் இந்த ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு, எதிரெதிரான இரண்டு படங்களை மனத்தில் வைத்திருக்கக்கூடும். இருவரும் ஒத்துக்கொண்டதாகவே நினைத்துப் பிரிவார்கள். கருத்து வேறுபாடு முதல் படம் வந்த பிறகே தெரியும்.

பெரிய நிறுவனங்களும் இந்த இடத்தில் இடறியிருக்கின்றன. அமெரிக்காவின் கேப் ஆடை நிறுவனம், இருபதாண்டுகளுக்கும் மேலாக வைத்திருந்த தன் நீலச் சதுரச் சின்னத்தை 2010 அக்டோபரில் மாற்றியது. இன்றைய காலத்துக்கு ஏற்ற தோற்றம் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். புதிய சின்னத்தில் ஹெல்வெட்டிகா எழுத்தும், அதன் ஓரத்தில் ஒரு சிறிய நீலச் சதுரமும் இருந்தன. வாடிக்கையாளர்கள் கடுமையாக எதிர்த்தனர். ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள் பழைய சின்னமே திரும்பியது. புதிய சின்னம் நவீனமாகத்தான் இருந்தது. ஆனால் அது யாருடைய கடை என்பதை அந்தச் சின்னம் சொல்லவில்லை.

## தெளிவான பணிக்குறிப்பு: ரூபாய்க் குறியீடு

இதற்கு மாறான எடுத்துக்காட்டு இந்திய ரூபாயின் குறியீடான ₹. நடுவண் அரசின் நிதி அமைச்சகம் 2009-இல் இதற்காகப் பொதுப் போட்டி ஒன்றை அறிவித்தது. அதுவரை ரூபாயைக் குறிக்க Rs என்ற ஆங்கிலச் சுருக்கமும், "ரூ" போன்ற மொழிவாரிச் சுருக்கங்களும் வழங்கின. பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் போன்ற நாடுகளின் நாணயமும் ரூபாய் என்பதால் Rs என்பது இந்தியாவை மட்டும் குறிக்கவில்லை. தீர்க்க வேண்டிய தேவை இதுதான் என்பது தொடக்கத்திலேயே தெளிவாக இருந்தது.

"புதுமையான குறியீடு வேண்டும்" என்பதோடு அறிவிப்பு நின்றுவிடவில்லை. குறியீடு இந்தியப் பண்பாட்டைக் காட்ட வேண்டும்; வழக்கமான கணினி விசைப்பலகையில் பயன்படுத்தத்தக்கதாக இருக்க வேண்டும் என்றும் கேட்கப்பட்டது. முதல் நிபந்தனை, யார் இதைத் தம்முடையது என்று உணர வேண்டும் என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, எங்கே பயன்படும் என்பதைச் சொல்கிறது. விசைப்பலகையில் வரும் குறி என்றால் அது எண்களுக்குப் பக்கத்தில், எண்ணின் உயரத்தில், ஒரே நிறத்தில், செய்தித்தாளின் சிறிய எழுத்திலும் தெளிவாக நிற்க வேண்டும். படம், நிழல், பல வண்ணம் எல்லாம் அந்த ஒரு நிபந்தனையிலேயே விலகிவிடுகின்றன.

மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. அவற்றிலிருந்து ஐந்து இறுதிக்குத் தேர்ந்தன. 2010 சூலை 15 அன்று நடுவண் அமைச்சரவை, தமிழ்நாட்டைச் சேர்ந்த த. உதயகுமாரின் வடிவத்தை ஏற்றது. அவர் அப்போது மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் (ஐ.ஐ.டி.) வடிவமைப்புத் துறை ஆய்வாளராக இருந்தார். அவருடைய குறி, தேவநாகரியின் "ர" எழுத்தையும், நெடுங்கோடு நீக்கிய உரோமன் R எழுத்தையும் ஒன்றாகக் காட்டுகிறது. மேலே ஓடும் கோடு தேவநாகரியின் தலைக்கோடு. அதற்குக் கீழே இணையாக இன்னொரு கோடு உண்டு. இந்திய எழுத்து என்ற நிபந்தனையும், உலகச் சந்தையில் மற்ற நாணயக் குறிகளோடு சேர்ந்து நிற்க வேண்டும் என்ற தேவையும் ஒரே வடிவத்தில் நிறைவேறுகின்றன. கையால் எழுதவும் சில இழுப்புகள் போதும்.

இங்கே கவனிக்க வேண்டியது, பணிக்குறிப்பு வடிவத்தைச் சொல்லவில்லை என்பதே. எந்த எழுத்து, எத்தனை கோடு, எந்தக் கோணம் என்பவை வரைபவருக்கே விடப்பட்டன. எங்கே, யாருக்கு என்பவை மட்டும் கட்டப்பட்டன. ஆயிரக்கணக்கான வடிவங்களை ஒரே அளவுகோலால் ஒப்பிட முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

"எங்கே பயன்படும்" என்ற கேள்வி எவ்வளவு நீளமானது என்பதையும் இதே குறியீடு காட்டியது. அறிவிப்பு வந்தவுடன் மக்கள் அதைத் தட்டச்சு செய்ய விரும்பினர். ஆனால் அதற்கென ஒருங்குறி எண் அப்போது இல்லை. வேறொரு விசைக்குரிய குறியின் இடத்தில் ₹ வடிவத்தைப் பொருத்திய எழுத்துரு ஒன்று சில நாள்களிலேயே வெளிவந்தது. அந்த எழுத்துரு நிறுவாத கணினியில் கோப்பைத் திறந்தால் ரூபாய்க் குறிக்குப் பதில் பழைய குறியே தெரிந்தது. 2010 அக்டோபரில் வெளியான ஒருங்குறியின் 6.0 பதிப்பில் U+20B9 என்ற எண் கிடைத்த பிறகே நிலையான தீர்வு வந்தது. 2011-இல் இக்குறி பொறித்த நாணயங்கள் புழக்கத்துக்கு வந்தன.

## ஒரு சிற்றூர்ப் பணி: மாகறல் எடுத்துக்காட்டு

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் பகுதியில், செய்யாற்றங்கரையில் உள்ள ஊர் மாகறல். சம்பந்தர் பாடிய திருமாகறலீசுவரர் கோயில் இவ்வூரில் உள்ளது. விவரமில்லாக் கோரிக்கை எப்படிச் சிக்கலாகிறது, அதை எப்படிச் சீராக்கலாம் என்பதை விளக்க, இவ்வூரில் மகளிர் குழு ஒன்று செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயைப் புட்டியில் அடைத்து விற்கத் தொடங்குவதாகக் கொள்ளலாம். பின்வருவது விளக்கத்துக்காக அமைத்த நிகழ்வு.

குழுவினர் காஞ்சிபுரத்தில் உள்ள ஒரு டி.டி.பி. கடைக்கு வாட்சாப்பில் இப்படிச் செய்தி அனுப்புகின்றனர்: "எங்க எண்ணெய்க்கு ஒரு லோகோவும் ஒரு போஸ்டரும் வேணும். மாடர்னா, பளிச்சுனு இருக்கணும்."

கடையில் இருப்பவர் வேறு விவரம் இல்லாததால் ஆயத்தப் படத்தொகுப்பில் தேடுகிறார். "இயற்கை", "எண்ணெய்" என்று தேடினால் ஒரு சொட்டும் இரண்டு இலைகளும் சேர்ந்த படம் கிடைக்கிறது. அதன் கீழே மெல்லிய எழுத்தில் பெயரை இட்டு, பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறும் பூச்சு கொடுத்து அனுப்புகிறார். குழுவினரின் பதில்: "மருந்துக் கம்பெனி மாதிரி இருக்கு." இரண்டாம் முறை எழுத்தைப் புடைப்பாக்கி ஒளிவட்டம் சேர்க்கிறார். "ரொம்ப பழசா இருக்கு" என்று குழுவின் இளையவர்கள் சொல்கின்றனர். மூன்றாம் முறை இரண்டையும் கலக்கிறார். அது யாருக்கும் பிடிக்கவில்லை.

இந்தச் சுற்றில் யாரும் சோம்பலாக இல்லை. ஆனால் ஒவ்வொரு பதிலும் உணர்வைச் சொல்கிறதே தவிர, அளவுகோலைச் சொல்லவில்லை. மேலும் முதல் படத்தில் ஒரு பெரிய சிக்கல் யார் கண்ணிலும் படாமல் இருக்கிறது. தமிழ்நாட்டில் இரண்டு இலைகள் ஒரு தேர்தல் சின்னம். வேறு நாட்டில் வரையப்பட்ட ஆயத்தப் படத்துக்கு அது தெரியாது. இந்தப் புட்டியைக் கடையில் பார்ப்பவருக்குத் தெரியும். உதய சூரியன், தாமரை முதலியவற்றுக்கும் இது பொருந்தும்.

### முதலில் "எங்கே"

நான்கு கேள்விகளில் முதலில் கேட்கத்தக்கது எங்கே பயன்படும் என்பது. இதற்கான பதிலில் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை. அளவும் அச்சு முறையும் மட்டுமே உண்டு. மாகறல் குழுவினரிடம் கேட்டால் நான்கு இடங்கள் வருகின்றன: ஒரு லிட்டர் புட்டியின் லேபிள், அட்டைப்பெட்டியில் குத்தும் ரப்பர் முத்திரை, பேருந்து நிறுத்தத்தில் வைக்கும் பலகை, வாட்சாப் முகப்புப் படம்.

லேபிள் ஏறத்தாழ 8 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம் என்று கொள்வோம். அந்த இடம் முழுவதும் சின்னத்துக்குக் கிடைக்காது. உணவுப் பொருள் என்பதால் உரிம எண், நிகர அளவு, அதிகபட்ச விலை, தயாரித்த நாள், சைவ உணவைக் குறிக்கும் பச்சைச் சதுரமும் வட்டமும் ஆகியவை இடம்பெற வேண்டும். இவற்றுக்கு ஒதுக்கிய பிறகு சின்னத்துக்கும் பெயருக்கும் பாதி இடமே மிஞ்சலாம். இதை முன்பே சொல்லாவிட்டால், அழகான சின்னம் ஒன்றை வரைந்து முடித்த பிறகு அதைச் சுருக்க வேண்டி வரும்.

ரப்பர் முத்திரை ஒரே மையில் விழும். அதில் நிறம் மெல்ல மாற முடியாது; மெல்லிய கோடு மை பரவி அடைபடும். வாட்சாப் முகப்புப் படம் வட்டமாக வெட்டப்பட்டு, உரையாடல் பட்டியலில் ஏறத்தாழ ஒரு செ.மீ. அளவில் தெரியும். நீளமான பெயர் அங்கே படிக்கத் தெரியாது. ஆகவே பெயரிலிருந்து பிரித்துத் தனியே வைக்கத்தக்க ஒரு சிறு குறி தேவை என்பது இந்தப் பதிலிலிருந்தே தெரிந்துவிடுகிறது.

பலகைக்கு எதிர்த் திசையில் கணக்கு. அறிவிப்புப் பலகை செய்பவர்கள் பின்பற்றும் ஒரு பொதுவான விதி, பத்து அடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து உயரம் என்பது. சாலையின் மறுபக்கத்திலிருந்து, அதாவது சுமார் 60 அடியிலிருந்து பார்ப்பவருக்கு 6 அங்குல எழுத்து வேண்டும். தமிழில் கொம்பும் சுழியும் மேலும் கீழும் நீள்வதால் வரிகளுக்கிடையில் கூடுதல் இடைவெளி தேவை; ஒரு வரி ஏறத்தாழ 10 அங்குலம் பிடிக்கும். பலகை 4 அடி உயரம் என்றால் 48 அங்குலம். படத்துக்கு இடம் விட்டால் இரண்டு, மூன்று வரிகளே அடங்கும்: பெயர், "செக்கு கடலை எண்ணெய்", தொலைபேசி எண். எண்ணெயின் பத்து நன்மைகளை அதில் எழுதக் கேட்பது படிக்க முடியாத பலகையைக் கேட்பதாகும்.

### "யாருக்கு"

இரண்டாவது, பார்ப்பவர் யார் என்பது. "எல்லாருக்கும்" என்ற பதில் விவரம் ஆகாது. யார் வாங்க வாய்ப்பு மிகுதி என்று கேட்பது பயன் தரும். மாகறல் குழுவினருக்கு அது உத்திரமேரூர், காஞ்சிபுரம் மளிகைக் கடைகளில் வாங்கும் குடும்பத் தலைவியர் என்றால், புட்டி கடைக்காரருக்குப் பின்னால் உள்ள அலமாரியில், கல்லாவுக்கு அப்பால் ஐந்தாறு அடி தள்ளி நிற்கும். வாங்குபவர் அதைக் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. பெயரைச் சொல்லிக் கேட்கிறார். ஆகவே பெயர் தமிழில், தூரத்திலிருந்து வாசிக்கும்படி இருக்க வேண்டும். சென்னையில் இணையம் வழியாக வாங்குபவர்தான் முதன்மை என்றால், கைப்பேசித் திரையில் சிறிய படமாகத் தெரிவதே முக்கியமாகும்.

எழுத்தின் தடிமனும் இங்கேதான் முடிவாகிறது. ஆங்கிலத்தில் நவீனமாகத் தோன்றும் மிக மெல்லிய எழுத்தைத் தமிழில் சிறிய அளவில் பயன்படுத்தினால் ண, ஞ, இ போன்ற எழுத்துகளின் சுழிகள் கலைந்துவிடும். மிகத் தடித்த எழுத்தில் அதே சுழிகள் மையால் அடைபடும். எளிதில் தொலைவது புள்ளி. "மாகறல்" என்ற பெயரில் கடைசி எழுத்தின் புள்ளி சிறிய முத்திரையில் விழாமல் போனால் பெயர் "மாகறல" என்று ஆகிவிடும். தமிழ் எழுத்தே இல்லாத ஆங்கில எழுத்துருவைத் தேர்ந்தால், கணினி தமிழுக்கு மட்டும் வேறோர் எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். இரண்டு மொழியும் வேறு வேறு இடத்திலிருந்து ஒட்டியவை போலத் தெரியும்.

### "எது போல"

மூன்றாவது மாதிரி. "மாடர்ன்" என்ற சொல்லுக்குப் பொருள் கண்டுபிடிக்க எளிய வழி, நான்கைந்து புட்டிகளின் படங்களைக் காட்டி எது நவீனமாகத் தெரிகிறது என்று கேட்பதே. குழுவினர் ஒரு தேன் புட்டியைக் காட்டினால், அடுத்த கேள்வி அதில் எது பிடித்தது என்பது. "பெயர் மட்டும் பெரிசா, சுத்தி வெள்ளையா இருக்கு" என்ற பதில் கிடைத்தால், அவர்கள் "மாடர்ன்" என்று சொன்னது வெற்றிடத்தை என்று தெரிந்துவிடும். இந்த ஒரு வரி மூன்று சுற்றுத் திருத்தத்தை மிச்சப்படுத்தும்.

பிடிக்காத மாதிரிகள் இரண்டைக் கேட்பதும் உதவும். பிடித்ததைச் சொல்லத் தயங்குபவர்களும் பிடிக்காததைத் தெளிவாகச் சொல்வர். ஆனால் மாதிரி என்பது நகல் எடுப்பதற்கு அன்று. வேறொரு நிறுவனத்தின் சின்னத்தைப் போலவே செய்தால் வணிகக்குறிச் சிக்கல் வரும். ஆயத்தப் படத்தொகுப்பிலிருந்து எடுத்த படத்துக்கும் இதே குறை உண்டு. அதை வேறு பத்துப் பேர் ஏற்கெனவே எடுத்திருக்கலாம். தமக்கு மட்டும் உரியது என்று சொல்ல முடியாது.

ஊரின் அடையாளத்தைச் சேர்ப்பதும் இந்த இடத்தில் பேச வேண்டியது. மாகறல் கோயிலின் தல வரலாற்றில் பொன்னுடும்பு வருகிறது. ஊர்க்காரர்களுக்கு அது தெரியும், வெளியூர் வடிவமைப்பாளருக்குத் தெரியாது. சொல்லாவிட்டால் அவர் எல்லா ஊருக்கும் பொதுவான ஒரு கோபுரத்தை வரைவார். அதே வேளையில், கோயில் தொடர்புள்ள உருவத்தை, குப்பைக்குப் போகும் எண்ணெய்ப் புட்டியில் அச்சிடுவது சிலருக்கு உறுத்தலாம். இதை முடிவு செய்ய வேண்டியது குழு, வடிவமைப்பாளர் அன்று.

### நிறம்

நிறம் கடைசியில் வருவதற்குக் காரணம், முந்தைய மூன்று பதில்களும் அதைப் பெரும்பாலும் தீர்மானித்துவிடுவதே. ஒளி ஊடுருவும் புட்டியில் கடலை எண்ணெய் பொன் மஞ்சளாகத் தெரியும். அதன்மேல் ஒட்டும் லேபிளில் மஞ்சள் எழுத்து மறைந்துபோகும். பச்சைப் பின்னணி வைத்தால், சட்டப்படி தெளிவாகத் தெரிய வேண்டிய சைவக் குறி அதில் கலந்துவிடும். துணிப்பையில் ஸ்கிரீன் பிரிண்ட் செய்வதானால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிச் சட்டம் வேண்டும். இரண்டு நிறம் இரண்டு சட்டம், நான்கு நிறம் நான்கு சட்டம். செலவும் அதற்கேற்பக் கூடும்.

தமிழ்நாட்டில் நிறச் சேர்க்கைகளுக்கு அரசியல் பொருளும் உண்டு. கருப்பும் சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் பார்ப்பவர் கட்சிக் கொடியை நினைப்பார். விலக்க வேண்டிய நிறங்களையும் பணிக்குறிப்பில் எழுதுவதற்கு இது ஒரு காரணம்.

"பளிச்சுனு" என்ற கேள்விக்கும் இங்கேதான் பதில். கைப்பேசித் திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியைக் கலந்து நிறம் காட்டுகிறது. அச்சு நீலம், செந்நீலம், மஞ்சள், கருப்பு மைகளைக் கலக்கிறது. திரையில் ஒளிரும் பச்சையும் நீலமும் தாளில் மங்கியே வரும். அது அச்சகத்தின் தவறு அன்று. ஆகவே நிறத்தைத் திரையில் பார்த்து ஒப்புக்கொள்ளாமல், ஒரு லேபிளை அச்சிட்டு, எண்ணெய் நிரம்பிய புட்டியில் ஒட்டிப் பார்ப்பதே சரியான முறை.

## சீராக்கிய கோரிக்கை

இந்தக் கேள்விகளுக்குப் பின் குழுவின் செய்தி இவ்வாறு மாறும்:

> செக்கு கடலை எண்ணெய்க்குச் சின்னமும் ஒரு பலகையும் வேண்டும். வாங்குபவர்கள் உத்திரமேரூர், காஞ்சிபுரம் மளிகைக் கடைகளுக்கு வரும் பெண்கள். சின்னம் வரும் இடங்கள்: 8 × 10 செ.மீ. லேபிள், ஒற்றை மை ரப்பர் முத்திரை, 10 × 4 அடி பலகை, வாட்சாப் வட்டப் படம். பெயர் தமிழில், ஆறடி தூரத்தில் படிக்க வேண்டும். இத்துடன் அனுப்பிய தேன் லேபிளில் உள்ள வெற்றிடம் பிடித்திருக்கிறது. இரண்டாவது படத்தின் ஒளிவட்டம் வேண்டாம். இரண்டு நிறத்துக்கு மேல் வேண்டாம். மஞ்சள் எழுத்து, கருப்பு-சிவப்புச் சேர்க்கை, இலை, சூரியன், தாமரை வேண்டாம். மூன்று மாதிரிகளும் இரண்டு முறை திருத்தமும் போதும்.

இதில் "மாடர்ன்" என்ற சொல் இல்லை. அது குறித்தவை எல்லாம் பார்த்துச் சரிபார்க்கத்தக்க விவரங்களாகிவிட்டன. எப்படி வரைய வேண்டும் என்பதும் இதில் இல்லை. கடலையா, செக்கா, ஒரு தமிழ் எழுத்தா என்பது வரைபவரின் வேலை. வடிவத்தையும் கேட்பவரே சொல்லத் தொடங்கினால், எழுத்துருவையும் கோட்டின் இடத்தையும் அவரே தீர்மானித்தால், வரைபவர் கணினி இயக்குபவராக மட்டும் மிஞ்சுவார். விவரமில்லாக் கோரிக்கைக்கு எதிர்ப்புறத்தில் உள்ள தவறு அது.

## சரிபார்த்தல்

வந்த மாதிரிகளைப் "பிடித்திருக்கிறதா" என்று கேட்பதற்கு முன், பணிக்குறிப்பில் எழுதியதைக் கொண்டு சோதிக்கலாம். கருப்பு வெள்ளையில் நகல் எடுத்தால் சின்னம் அடையாளம் தெரிகிறதா? ஒரு செ.மீ. அளவில் குறி மற்றொன்றாகத் தோன்றாமல் நிற்கிறதா? லேபிளை உண்மை அளவில் அச்சிட்டு ஆறடி தள்ளி வைத்தால், கண்ணாடி அணியும் ஒருவர் பெயரைப் படிக்கிறாரா? முத்திரையில் புள்ளிகள் விழுகின்றனவா? முன்பு பார்த்திராத ஒருவரிடம் காட்டி, இது என்ன பொருள் என்று கேட்டால் எண்ணெய் என்கிறாரா, மருந்து என்கிறாரா? முதல் சுற்றில் வந்த சொட்டும் இலையும் இந்தக் கடைசிக் கேள்வியிலேயே தோற்றிருக்கும்.

ஒப்புக்கொண்ட பின் எந்தக் கோப்பை வாங்குவது என்பதும் "எங்கே" என்ற கேள்வியின் பகுதியே. வாட்சாப்பில் படமாக வந்த சின்னம் சுருக்கப்பட்டிருக்கும். அதைப் பத்தடிப் பலகைக்குப் பெரிதாக்கினால் ஓரங்கள் கட்டம் கட்டமாக உடையும். எந்த அளவுக்கும் பெரிதாகும் கோட்டுவடிவக் கோப்பு (.cdr, .svg போன்றவை) தேவை. தமிழ் எழுத்துகளைக் கோடுகளாக மாற்றிய பிரதியாக அது இருக்க வேண்டும். பல கடைகளில் பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்கள் இன்னும் வழக்கத்தில் உள்ளன. அந்த எழுத்துரு இல்லாத அச்சகத்தில் கோப்பைத் திறந்தால் ஊர்ப் பெயருக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரும். 2010-இல் ரூபாய்க் குறிக்கு நேர்ந்ததும் இதே வகைச் சிக்கலே.

## எல்லைகள்

நல்ல பணிக்குறிப்பு நல்ல சின்னத்துக்கு உறுதி அளிக்காது. அது தேர்வைச் சுருக்குகிறது. தவறானதை விரைவில் விலக்க உதவுகிறது. எல்லா விவரங்களும் தொடக்கத்திலேயே தெரிந்திருப்பதும் அரிது. முதல் மாதிரிகளைப் பார்த்த பிறகுதான் குழுவினருக்குத் தாம் எந்தக் கடையில் விற்கப்போகிறோம் என்ற கேள்வியே எழலாம். அப்போது பணிக்குறிப்பை மாற்றி எழுதிவிட்டு வேலையைத் தொடர வேண்டும். குறிப்பை மாற்றாமல் படத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் பழைய சுற்று மீண்டும் தொடங்கும்.